நெற்றி பெரிதா, போட்டோ அப்படிக் காட்டுகிறதா? ஹேர்லைன் பார்த்து ஃப்ரின்ஜும் வகிடும் முடிவு செய்வது

“அக்கா, எனக்கு நெத்தி ரொம்பப் பெரிசு. பேங்ஸ் வெட்டினா மறையுமா?” என்று கேட்டு ஒரு செல்ஃபி வரும். பார்லர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது வாடிக்கைதான். அந்தப் படத்தை வைத்து உடனே பதில் சொல்லிவிட முடியாது. கையை உயர்த்தி எடுத்த செல்ஃபியில் யாருக்கும் நெற்றி பெரிதாகத்தான் தெரியும். முதலில் படம் நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நெற்றியின் உயரம், பிறகு ஹேர்லைனின் வடிவம், கடைசியாக முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பது. ஃப்ரின்ஜ், அதாவது நெற்றியில் விழும்படி வெட்டும் அந்த பேங்ஸ், தேவையா என்ற கேள்விக்கு உயரம் பதில் சொல்லும். வகிடு எங்கே என்பதை வடிவம் சொல்லும். இரண்டும் சரி என்று சொன்ன பிறகும் நெற்றி ஓரத்தில் ஒரு சுழி இருந்தால், அது எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

முதல் வேலை: ஒழுங்கான படம்

முகத்துக்கு மிக அருகில் கேமராவைப் பிடித்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தள்ளி இருப்பது சிறுக்கும். 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி, ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. மூக்குக்கு நடப்பது நெற்றிக்கும் நடக்கும். கேமராவை மேலே தூக்கிப் பிடித்தால் நெற்றி கேமராவுக்கு நெருங்கி வரும், தாடை விலகிப் போகும். கீழிருந்து எடுத்தால் நெற்றி பின்னால் சாய்ந்து குறுகிவிடும். ஒரே முகம்தான், இரண்டு படத்தில் இரண்டு நெற்றி.

அதனால் வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்க கேமரா, ஒன்றரை மீட்டர் தூரம், வேண்டுமானால் இரண்டு மடங்கு ஜூம். லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். எடுப்பவர் உங்களைவிட உயரம் என்றால் அவர் உட்கார்ந்து எடுக்கட்டும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். தலைக்கு நேர் மேலே டியூப்லைட் எரிந்தால் நெற்றி பளபளத்து, முடி தொடங்கும் ஓரம் வெளிச்சத்தில் கரைந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று எடுக்க வேண்டாம். பியூட்டி ஃபில்டரை அணைத்து விடுங்கள். சில போன்களில் அது தானாகவே இயங்கும், நாடியைக் குறுக்கி முக அளவையே மாற்றிவிடும்.

முடியைப் பின்னால் ஒதுக்கித்தான் எடுக்க வேண்டும், ஆனால் இழுத்துக் கட்டக் கூடாது. இறுக்கிக் கட்டினால் நெற்றித் தோலும் புருவமும் சேர்ந்து மேலே ஏறும். அகலமான ஹேர்பேண்டோ, நாம் பார்க்க வேண்டிய ஓரத்தையே மூடிவிடும். லேசாக ஈரப்படுத்தி, பின்னால் சீவி, காதுக்கு மேலே இரண்டு கிளிப் போட்டால் போதும். பொட்டையும் எடுத்துவிடுங்கள். பொட்டு இருந்தால் கண் அதிலிருந்து மேலே அளக்கத் தொடங்கிவிடும். புருவ மத்தியில் வைத்தால் ஒரு நெற்றி, இரண்டு விரல் மேலே வைத்தால் வேறொரு நெற்றி. வகிட்டில் வைக்கும் குங்குமமும் ஹேர்லைனின் நடுப்புள்ளியை மறைக்கும்.

படம் நேராக வந்திருக்கிறதா என்பதைக் காது காட்டிக்கொடுக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காதின் மேல் விளிம்பு புருவத்தை ஒட்டிய மட்டத்திலும், மடல் மூக்கின் அடியை ஒட்டிய மட்டத்திலும் இருக்கும். காது இரண்டும் அதைவிட மேலே ஏறித் தெரிந்தால் முகம் குனிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கேமரா உயரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் படத்தில் நெற்றி பொய் சொல்லும். ஒரு காது நன்றாகவும் மற்றது பாதியும் தெரிந்தால் முகம் திரும்பியிருக்கிறது. அதில் வலது இடது ஓரங்களை ஒப்பிட முடியாது.

புதுப் படம் எடுக்க வழியில்லை என்றால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தேடிப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர் தூரத்தில் நின்று, முகத்துக்கு நேராகத்தான் எடுத்திருப்பார். முடி நெற்றியில் விழாமல் இருந்தால் அதுவே போதும். டச்சப் செய்து ஹேர்லைனை கருப்பாக நிரப்பியிருக்கிறார்களா என்று மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, படம் கண்ணாடி பிம்பமா என்பது. முன்கேமரா சில போன்களில் வலது இடதை மாற்றிச் சேமிக்கும். வகிடு விஷயத்தில் இது பெரிய கோளாறு. இடது பக்கம் ஏறிய ஓரத்தை வலது என்று நினைத்து வகிடு எடுத்தால், மறைக்க வேண்டியதைத் திறந்துவிடுவோம். சேலை கட்டிய படம் என்றால் முந்தானை இடது தோளில் இருக்கும், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கம். இல்லாவிட்டால் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டுவிடலாம்.

இரண்டாவது: கோட்டைக் கண்டுபிடிப்பது

படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கித் திறங்கள். முடி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பூனைமுடிதான். மெல்லியதாக, கொஞ்சம் வெளிறி, நெற்றிமேல் இறங்கியிருக்கும். அது கணக்கில் வராது. அதற்குப் பின்னால் தோல் தெரியாமல் முடி அடர்த்தியாகும் இடம்தான் ஹேர்லைன். ஐந்து இடத்தில் புள்ளி வையுங்கள். நெற்றி நடுவில் ஒன்று, இரண்டு புருவங்களின் உச்சிக்கு நேர் மேலே ஒவ்வொன்று, இரண்டு நெற்றியோரங்களில் முடி வளைந்து காதுப்பக்கம் இறங்கும் மூலையில் ஒவ்வொன்று. ஐந்தையும் சேர்த்துக் கோடு போட்டால் வடிவம் வந்துவிடும்.

பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். சீராக வளைந்த கோடு, ஏறக்குறைய நேராக ஓடி மூலையில் மடங்கும் கோடு, நடுவில் கூம்பி கீழே இறங்கும் கோடு, இரண்டு மூலையும் மேலேறிய ‘எம்’ வடிவம். கூம்பு இறங்கியவருக்கு மூலையும் ஏறியிருக்கலாம், அப்படியும் நிறையப் பேர் உண்டு. வலதும் இடதும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது எல்லோருக்கும் இயல்பு.

மூன்றாவது: உயரம்

முகத்தை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது: நாடி முதல் மூக்கின் அடி வரை ஒரு பங்கு, அங்கிருந்து புருவ மத்தி வரை ஒரு பங்கு, அங்கிருந்து முடி தொடங்கும் இடம் வரை ஒரு பங்கு. மூன்றும் சமமாக இருப்பதுதான் அழகு என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. நன்றாக இருக்கும் எத்தனையோ முகங்கள் அந்தக் கணக்கில் அடங்காது. ஆனால் அளப்பதற்கு இது வசதியான கோல்.

திரையில் ஸ்கேல் வைத்து, புருவ மத்தியிலிருந்து ஹேர்லைன் நடுப்புள்ளி வரை அளங்கள். பிறகு புருவ மத்தியிலிருந்து மூக்கின் அடி வரை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஓர் எண் வரும். அது ஒன்றை ஒட்டி இருந்தால் நெற்றி நடுத்தரம். 0.85-க்குக் கீழே போனால் குறுகிய நெற்றி என்றும், 1.15-ஐத் தாண்டினால் உயர்ந்த நெற்றி என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் வேலைக்கான எல்லை, விதி அல்ல. நடுவில் கூம்பு இருப்பவர்களுக்கு நடுப்புள்ளியை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். புருவ உச்சிக்கு மேலே உள்ள புள்ளியின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ரின்ஜ் வெட்டுவதாக இருந்தால் சென்டிமீட்டர் கணக்கும் தெரிய வேண்டும். படத்தில் அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: கருவிழி. பெரியவர்களுக்குக் கண்ணின் கருவட்டம் குறுக்குவாட்டில் ஏறத்தாழ 11.7 மி.மீ. இருக்கும், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் வராது. மேலிமை மூடுவதால் உயரவாட்டில் அளக்காதீர்கள், குறுக்காக அளங்கள். திரையில் அது எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, 11.7-ஐ அதால் வகுத்து, கிடைப்பதை நெற்றியின் திரை அளவோடு பெருக்கினால் உண்மையான அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சின்ன வட்டம் என்பதால் அரை மில்லிமீட்டர் தவறினாலும் விடை மாறும். இரண்டு கண்ணையும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

சென்டிமீட்டர் எதற்கு என்றால், முடிக்கு எடை வேண்டும். நெற்றி 4.5 செ.மீ. மட்டும் உள்ளவருக்கு ஹேர்லைன் ஓர முடியைப் புருவம் வரை வெட்டினால் அந்த முடியின் நீளமே 4.5 செ.மீ.தான். தடித்த முடியாக இருந்தால் அது படியாது. கடை வாசல் தகரப் பந்தல் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அவருக்கு ஃப்ரின்ஜே கூடாது என்று அர்த்தமில்லை. ஃப்ரின்ஜை இன்னும் 3, 4 செ.மீ. பின்னாலிருந்து எடுத்தால் மேலே விழும் முடி 8 செ.மீ. நீளம் கொள்ளும், அந்த எடையில் அடியில் உள்ளதும் அமுங்கும். 7 செ.மீ. நெற்றிக்கு இந்தக் கவலையே இல்லை. முன்வரிசை முடியே கீழே விழும் அளவு நீளமாக இருக்கும். நெற்றி உயர்ந்தவர்களுக்கு நெற்றி முழுக்க விழும் ஃப்ரின்ஜ் அழகாகப் படிவதற்கு மறைப்பதைவிட இந்த எடைதான் பெரிய காரணம்.

நான்காவது: வடிவத்திலிருந்து வகிடு

சீராக வளைந்த ஹேர்லைனுக்கு எந்த வகிடும் ஒத்துக்கொள்ளும். நேர்கோடாக ஓடுபவர்களுக்கு நடு வகிடு எடுத்து ஒட்டச் சீவினால் நெற்றி சதுரமாகத் தெரியும். ஒரு விரல் தள்ளி வகிடு எடுத்தாலே இளகிவிடும்.

நடுவில் கூம்பு உள்ளவர்களிடம்தான் ஃப்ரின்ஜ் அதிகம் தோற்கிறது. கூம்பில் உள்ள முடி பெரும்பாலும் மேல்நோக்கியோ ஒரு பக்கமாகவோ வளரும். அதை நேராகக் கீழே இறக்கினால் காலையில் டிரையர் போட்டபோது நேராக நிற்கும், பத்து மணிக்குள் வியர்வையில் நடுவே பிளந்துவிடும். பிளந்த இடத்தில் சரியாகக் கூம்பு எட்டிப் பார்க்கும். நெற்றியை மூடும் நேர் ஃப்ரின்ஜுக்குப் பதில், நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் விழும் கர்ட்டன் பேங்ஸ் போனால் அந்தப் பிளவே ஸ்டைலாகிவிடும். வகிட்டைக் கூம்பின் நுனியில் வைக்கலாம். கூம்பை மறைக்க நினைத்தால் அதிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி எடுத்து, பெரிய பங்கு முடியைக் கூம்பின் மேலே போகவிடலாம்.

‘எம்’ வடிவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் பலரும் தவறவிடுவது. பக்க வகிடு நெற்றியை மறைக்கும் என்று நம்பி, வகிட்டை நேராக ஏறிய மூலையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். வகிட்டின் வெள்ளைக் கோடும் மூலையின் வெற்றிடமும் சேர்ந்து ஒரே வழுக்கைபோல் தெரியும். வகிடு எப்போதும் ஹேர்லைன் அடர்த்தியாக இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். ‘எம்’ உள்ளவர்களுக்கு அது நடுவுக்கும் புருவ உச்சிக்கும் இடையில் எங்கோ இருக்கும். அதிகம் ஏறிய மூலை எந்தப் பக்கமோ, முடியின் பெரிய பங்கை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும்.

உயர்ந்த நெற்றிக்கு நடு வகிடு ஆகாது என்பது பாதிதான் உண்மை. எண்ணெய் வைத்து ஒட்டச் சீவிய நடு வகிடு நெற்றியை நீட்டும், உண்மை. அதே வகிட்டில் வேர்ப்பக்கம் கொஞ்சம் தூக்கி, முன்முடி இரண்டு மூலையையும் மூடி இறங்கினால் நெற்றி குறுகித் தெரியும்.

ஐந்தாவது: சுழி

முன் சுழியை, பின்னால் சீவிய படத்தில் பார்க்க முடியாது. அதற்கு வேறு படம் வேண்டும். தலை குளித்து, துவட்டி, சீப்பால் எல்லா முடியையும் பின்னால் தள்ளி, உச்சியில் கையை வைத்து முன்னால் லேசாகத் தள்ளுங்கள். முடி தானாகப் பிரியும் இடம்தான் இயல்பான வகிடு. அந்த நிலையிலேயே முன்பக்கம் ஒரு படம், உச்சியிலிருந்து ஒரு படம். ஹேர்லைனில் ஒரு கற்றை மட்டும் மற்றவற்றுக்கு எதிராக மேலே எழும்பி நின்றால் அது சுழி. அந்தக் கற்றை உள்ள இடத்தில் ஃப்ரின்ஜைக் குட்டையாக வெட்டக் கூடாது. மூக்கு நுனி வரையாவது நீளம் வைத்து, ஈரமாக இருக்கும்போதே டிரையரை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் காட்டி உலர்த்தினால் வேர் ஒரு பக்கமாகச் சாயும் பிடிவாதத்தை விடும். தினமும் அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சுழியிலேயே வகிடு எடுத்துவிடலாம். முடி கேட்கிற இடமும் அதுதான்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

29 வயதுப் பெண் ஒருவர் அனுப்பிய செல்ஃபியில் நெற்றி திரையில் 70 மி.மீ., புருவ மத்தி முதல் மூக்கின் அடி வரை 52. விகிதம் 1.35. கேட்டால் யாரும் முழு ஃப்ரின்ஜ் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் காதுகள் புருவத்துக்கு மேலே ஏறியிருந்தன. கண் மட்டத்தில், ஒன்றரை மீட்டரில் எடுத்த படம் வந்தபோது கணக்கு மாறியது. நடுப்புள்ளியில் 62, மூக்கு வரை 56. விகிதம் 1.1, அதாவது நடுத்தரத்தின் மேல்விளிம்பு. கருவிழி திரையில் 10.5 மி.மீ. என்பதால் பெருக்க வேண்டிய எண் 1.11. நெற்றி ஏறத்தாழ 6.9 செ.மீ.

அப்படியானால் அவர் ஏன் நெற்றி பெரிது என்று நினைக்கிறார்? புருவ உச்சிக்கு மேலே அளந்தபோது காரணம் தெரிந்தது. அங்கே திரையில் 70, அதாவது 7.8 செ.மீ. நடுவில் கூம்பு இறங்கியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது, இடது மூலை இன்னும் கொஞ்சம் கூடுதல். அவர் பெரிது என்று சொன்னது உயரத்தை அல்ல, அந்த மூலைகளை. முழு ஃப்ரின்ஜ் வெட்டியிருந்தால் கூம்பில் பிளந்து, பிளவுக்குள் நடு நெற்றி தெரிந்திருக்கும். மூலைகளோ ஃப்ரின்ஜின் இரு முனையிலும் அப்படியே திறந்திருக்கும்.

சொன்ன யோசனை இது. கூம்பிலிருந்து 2 செ.மீ. வலப்பக்கம் தள்ளி வகிடு, பெரிய பங்கு முடி இடது மூலையை மூடிச் சாய வேண்டும். அதோடு கர்ட்டன் பேங்ஸ். ஃப்ரின்ஜுக்கு முடியை முக்கோணமாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதன் உச்சி, வகிட்டின் மேல் ஹேர்லைனிலிருந்து 4 செ.மீ. பின்னால். அடி முனைகள் இரண்டும் ஏறிய மூலைகளைத் தாண்டிப் போக வேண்டும், புருவ உச்சியோடு நின்றால் மூலை மூடாது. அவருக்கு அலை முடி, உலர்ந்தால் மேலேறும். அதனால் முதல் வெட்டு கன்ன எலும்புக்குக் கொஞ்சம் கீழே. உலர்ந்த பிறகு தேவைப்பட்டால் குறைக்கலாம். முதல் வெட்டிலேயே புருவம் வரை போனால் முடி பாதி நெற்றியில் சுருண்டு நிற்கும், வளர்ந்து சேர மாதக்கணக்காகும். முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவுதான் வளரும்.

வெட்டும் முன் வகிட்டை மட்டும் ஒரு வாரம் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். வருஷக்கணக்காக ஒரே பக்கம் படிந்த முடி உடனே மாறாது. ஈரத்தில் சீவி, இரண்டு கிளிப் போட்டு உலரவிட வேண்டும். பல பேருக்கு வகிடு மாறியதிலேயே வேலை முடிந்துவிடும், கத்தரி எடுக்க வேண்டிவராது. தினமும் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஹெல்மெட்டுக்குள் அமுங்கி, வேர்த்து, நெற்றியில் ஒட்டிய ஃப்ரின்ஜை அலுவலகக் கழிப்பறையில் சரிசெய்வது தனி வேலை.

எப்போது வெட்டக் கூடாது

பழைய பாஸ்போர்ட் போட்டோவையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலைகள் அப்போது இருந்ததைவிட ஏறியிருந்தால் அது பிறவி வடிவம் அல்ல, முடி உதிர்கிறது. இறுக்கிப் பின்னிய சடையும், நாள் முழுக்க இழுத்துக் கட்டிய போனிடெயிலும் நெற்றியோரத்தில் இப்படிச் செய்யும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. பழைய ஹேர்லைன் இருந்த இடத்தில் மெல்லிய குட்டை முடி ஒரு வரிசை மிச்சம் நிற்கும், அதற்குப் பின்னால் ஒரு பட்டை வெறுமையாகத் தெரியும். அந்தப் பட்டையிலிருந்து ஃப்ரின்ஜ் எடுத்தால் இருக்கிற கொஞ்ச முடியும் தொங்குமே தவிர நெற்றியை மூடாது. கிளிப் போட்டு மாட்டும் எக்ஸ்டென்ஷன் இன்னும் இழுக்கும். சடையைத் தளர்த்துவதுதான் முதல் சிகிச்சை. ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வர வாய்ப்பு உண்டு. நாள்பட்டால் வேரே போய்விடும்.

உச்சியிலிருந்து எடுத்த படத்தில் வகிட்டின் அகலத்தையும் பாருங்கள். பின்னால் குறுகலாகவும் முன்னால் வர வர அகன்றும் இருந்தால், வகிடு மாற்றி மறைத்துக்கொண்டிருப்பதோடு நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போவது நல்லது. போகும்போது இரண்டு படங்களையும் கொண்டுபோங்கள். எப்போது எடுத்தது என்று தேதி தெரிந்தால் அவருக்கு உதவும்.